பச்சை மைக்கு ஒரு கடிதம்

தேவாலாவுக்கு மேலே இருந்த எங்கள் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டுறவுச் சங்கத்தில் நான் ஆறு வருடம் பொருளாளர். இலங்கையிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல் நின்று சில வருடங்களே ஆகியிருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு உறுப்பினர்களில் பாதிக்கு மேல் என்னைப் போல் அக்கரையிலிருந்து வந்தவர்கள்.

சங்கத்துக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்தது. அதில் போடக் கணக்கு மென்பொருள் வேண்டுமே என்று கோயம்புத்தூரில் ஒரு கம்பெனிக்கு எழுதச் சொன்னார் தலைவர். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தேயிலை மூன்று ஏக்கர்.

என் முதல் கடிதத்தில் பதினொரு கேள்விகள் இருந்தன. தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க, பொண்ணுப் பார்க்கப் போறீங்களா, சாமான் வாங்கப் போறீங்களா? வெலையில சலுகை உண்டா, அதுல எத்தன பேர் உட்கார்ந்து வேல செய்யலாம். ரெண்டே கேள்வி போதுமுங்க."

இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. எங்கள் கொட்டகையில் கொழுந்து நிறுக்கும்போது எழுத்தர் எடையை நீல மையில் எழுதுவார். உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த சரிபார்ப்பவர் பக்கத்தில் நின்று தராசைப் பார்த்துப் பச்சை மையில் கையெழுத்திடுவார். பச்சை இல்லாத வரிக்குப் பணம் கிடையாது. அப்போது பச்சைப் பேனா வைத்திருந்தவர், கப்பலிலிருந்து இறங்கியதும் என்னோடு ஒரே முகாமில் இருந்த ஒரு அம்மா. ஒருவர் மட்டும் உட்காரும் மென்பொருள் என்றால் அவர் எங்கே கையெழுத்திடுவார்?

"எழுத்தர் பேருலயே ரெண்டு பேரும் போட்டுக்கலாமுங்க" என்றார் தலைவர்.

அந்த அம்மா பேனாவை மூடினார். "இலங்கையில கணக்கப்புள்ள ஒருத்தர் கையிலதான் பென்சில். எங்க அம்மா முழு நாளும் கொழுந்து எடுத்தாலும் எடை கொறைவுன்னு அரைப் பேர் போடுவாரு. கேட்டா, புத்தகத்துல இருக்குன்னுவாரு. அவரு பேருல நான் எழுதமாட்டேன். அப்படீன்னா நான் நின்னுக்கிறேன், மாஸ்டர்."

அங்கே தோட்டப் பள்ளியில் நான் வாத்தியார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'அரைப் பேர்' என்றால் பாதி நாள் கூலி. அவர் விலகினால் அந்த இடத்துக்கு ஆள் வராது, பச்சையும் போய்விடும் என்று எனக்குத் தெரியும்.

கடிதத்தை நான்கு முறை எழுதினேன். நாங்கள் லாபத்துக்காக நடத்துவதில்லை, லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கான சலுகை எங்களுக்குப் பொருந்துமா? இரண்டு பேர் பயன்படுத்த என்ன விலை? உறுப்பினர்களுக்குப் பங்காதாயம் கொடுப்பதை எழுதினால் சலுகை கிடைக்காது, வேண்டாம் என்றார் தலைவர். எழுதினேன். மறைத்து வாங்கினால் தணிக்கையில் நான்தானே பதில் சொல்ல வேண்டும்? தபாலாபீசில் ஒட்டுவதற்கு முன் மனம் கேட்கவில்லை. அடித்துவிட்ட ஒன்பதில் ஒன்றைப் பின்குறிப்பாகச் சேர்த்தேன்: 'ஒரே கம்ப்யூட்டரில் இருவர் மாறி மாறி உட்கார்ந்தால், எதை யார் எழுதினார் என்று பிறகு தெரியுமா?'

பத்தொன்பது நாள். பதினேழு நாள் மழை. கூடலூர் பஸ் வரும்போதெல்லாம் எழுந்து நின்றேன். தபால்காரர் என்னைக் கண்டால் தூரத்திலேயே கையை விரித்தார். பதினேழாம் நாள், இனிப் பதில் வராது என்று அந்த அம்மா பேனாவை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் எடைகள் பச்சையில்லாமல் நின்றன, நாற்பத்தொரு வரிகள்.

பதில் வந்தது. சலுகை இல்லை: உறுப்பினர்களுக்கு ஆதாயம் பங்கிடும் சங்கம் அந்த வகையில் சேராது. இருவர் ஒரே நேரத்தில் இரண்டு கம்ப்யூட்டரில் வேலை செய்யும் மென்பொருளின் விலையைப் படித்ததும் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தேன். பின்பு பின்குறிப்புக்கான பதிலைப் பார்த்தேன். வரம்பு ஒரே நேரத்தில் ஓடும் கம்ப்யூட்டர்களுக்குத்தான். ஒருவருக்கான மென்பொருளிலேயே ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் வைக்கலாம்; பதிந்தவர் பெயரும் சரிபார்த்தவர் பெயரும் தனித்தனியாக நிற்கும்.

"பங்காதாயத்த எழுதாம இருந்திருந்தா சலுகையும் கெடச்சிருக்குமுங்க" என்று முணுமுணுத்தபடியே தலைவர் முழு விலைக்குக் கையெழுத்திட்டார்.

அந்த அம்மா வந்து முதலில் நாற்பத்தொரு வரிகளையும் உறுப்பினர்கள் கையிலிருந்த எடைச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பச்சை போட்டார். பிறகு கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். கடவுச்சொல் அடிக்கும்போது எங்களை வெளியே போகச் சொன்னார். கதவுக்கு வெளியே நின்றேன். ஒவ்வொரு விசையாகத் தேடித் தேடி அழுத்தும் சத்தத்தை எண்ணினேன்.

உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. "ஏழு எழுத்துதானே?"

என்னை ஏறிட்டுப் பார்த்தார். "மறுபடியும் வெளிய போங்க, மாஸ்டர். இந்தத் தடவ வாசல்ல நிக்காம ரோட்டுக்கே போயிருங்க."

போனேன். மழை. ரோடு வரை எண்ணினேன், இருபத்தாறு அடி.