சென்னப்பன் ஊற்றிய தண்ணீர்

வேலைக்காலம் முழுக்க ஊருக்குக் குழாய் திறந்துவிட்டவர் சென்னப்பன். கோடையில் ஒரு குடம் குறைந்தால்கூட தெருவே சேர்ந்து அவரைத்தான் திட்டும். ஓய்வுபெற்ற பிறகு ஞாபகம் நழுவத் தொடங்கியது.

ஜன்னலோரத்து மணி பிளாண்ட் அடியிலிருந்து மஞ்சளாகி இலை உதிர்த்தது. வெளிச்சம் போதவில்லை என்று அவர் மனைவி மாதம்மாள் தொட்டியை இடம் மாற்றிப் பார்த்தாள். பலனில்லை. கடைசியில் மண்ணுக்குள் விரலை விட்டாள். ஒரே சேறு. பிடுங்கினால் வேர் கறுத்து, கொழகொழத்து, குப்பென்று நாறியது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அவள் ஊற்றியது கொஞ்சம்தான். மீதியை ஊற்றியது யாரென்று கேட்கவே வேண்டாம்.

அழுகிய வேரை வெட்டிப் புதுமண்ணில் நட்டாள்.

"மேல்மண்ணு காஞ்சாத்தாங்க தண்ணி வுடணும். வேருக்கும் காத்து வேணும்ல?"

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார்.

சொம்பை ஒளித்தாள். டம்ளரில் கொண்டுவந்தார். ஈர மண்ணிலேயே செடி மறுபடி வாடித் தொங்கியது.

"பாரு மாதம்மா, தாகத்துல எப்படி வதங்கிக் கெடக்குது. இந்த வூட்டுல யாராச்சும் ஒரு வாய் தண்ணி ஊத்துனீங்களா?"

மாதம்மாள் அடித்தட்டை உருவி, தண்ணீரை வாசலில் கொட்டிவிட்டு வந்தாள். அதற்குள் அவர் அடுத்த டம்ளரோடு நின்றார்.