சிஸ்டரின் லைவுக்கு நான் விருந்தாளியாகப் போனது

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாகச் செக்கராக இருக்கிறேன். தைத்து முடித்து வரும் ஷூக்களை எடுத்துப் பார்த்து, தையல் விட்டிருக்கிறதா, உள்ளே பசை வழிந்திருக்கிறதா, இடது வலது ஜோடி சரியா என்று பிரித்து வைப்பது வேலை. வீடு பள்ளிகொண்டாவில். கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். மூன்று வருடத்துக்கு முன்னால் சொந்தமாக ஒரு சேனல் ஆரம்பித்தேன். செருப்பு, ஷூ எப்படிப் பார்த்து வாங்குவது என்பதுதான் விஷயம். சொந்தக்காரர்களும் பஸ்ஸில் வரும் பெண்களும் பார்ப்பார்கள். அதற்கு மேல் அது நகரவில்லை.

அப்போதுதான் வேலூரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற நர்ஸின் நிகழ்ச்சியைப் பார்க்க ஆரம்பித்தேன். ஞாயிறுதோறும் மாலை ஆறு மணிக்கு லைவில் வருவார். சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பாடு, நடை, கால் பராமரிப்பு என்று எது கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்வார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாதம் ஒரு முறை யாராவது ஒரு விருந்தினரை அழைத்துப் பேச வைப்பார். அந்த இடத்தில் நான் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. உடனே ஒரு மெயில் எழுதினேன்.

இப்போது எடுத்துப் படித்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. நான் எங்கே பிறந்தேன், எத்தனை வருட அனுபவம், சேனல் ஆரம்பித்த கதை, எவ்வளவு கஷ்டப்படுகிறேன், ஒரு வாய்ப்புக் கொடுத்தால் காலத்துக்கும் மறக்க மாட்டேன் என்று ஒரு முழுப் பக்கம். பதில் வரவில்லை. மூன்று வாரம் கழித்து, பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தோழியிடம் அதைக் காட்டினேன். அவள் தையல் செக்‌ஷன். மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"இன்னாடி இது? பூரா உன்னைப் பத்தியே எழுதி வெச்சிருக்க."

"அறிமுகம்னா அப்படித்தான எழுதணும்?"

"அந்தம்மா ஷோவுக்கு இன்னா வேணும்னு ஒரு வரி இருக்குதா இதுல? உனக்கு சான்ஸ் வேணும்னு மட்டும்தான் இருக்குது. அவங்களுக்கு இன்னா லாபம், சொல்லு."

கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. மறுநாளிலிருந்து பஸ்ஸில் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு சிஸ்டரின் பழைய லைவுகளை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தேன். போக ஒன்று, வர ஒன்று. கமெண்ட்டில் மக்கள் கேட்பதை ஒரு நோட்டில் குறித்தேன். இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் புரிந்தது. செருப்பைப் பற்றிய கேள்வி ஏறக்குறைய எல்லா வாரமும் வருகிறது. 'சரியான அளவுல போடுங்க, டாக்டரைக் கேட்டுப் போடுங்க' என்று சிஸ்டர் சொல்கிறார். சரியான அளவு என்பதை வீட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்த இடம்.

இரண்டாவது மெயில் எட்டே வரி. போன மாதத்து லைவில் ஒரு அம்மா கேட்ட கேள்வியைக் குறிப்பிட்டேன். 'உங்கள் நேயர்கள் வீட்டிலேயே ஒரு பேப்பரும் பென்சிலும் வைத்துக் கால் அளவு எடுப்பதை லைவிலேயே செய்து காட்ட முடியும், இருபது நிமிடம் போதும்' என்று எழுதினேன். நான் யார் என்பது கடைசியில் ஒரே வரி. கூடவே ஒரு நிமிட வீடியோ ஒன்றை இணைத்தேன். ஷூவைப் போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது எப்படி என்று அதில் காட்டியிருந்தேன். கால் மரத்துப் போனவர்களுக்கு உள்ளே கிடக்கும் சின்னக் கல்கூடத் தெரியாது, கைதான் சொல்ல வேண்டும்.

நான்காம் நாள் பதில் வந்தது. 'ஞாயிறு காலை பேசலாமா?'

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருந்தது. நாங்கள் தைப்பதெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பின்னால் ஏதாவது பேஜார் ஆகக் கூடாதென்று புரொடக்‌ஷன் மேனேஜரிடம் நேரே போய்க் கேட்டேன்.

"கம்பெனி பேர் வரக் கூடாது. சரக்கு வாங்குற பையர் பேர் வரவே கூடாது. நம்ம சாம்பிள் எதையும் காட்டாத," என்றார். சற்று யோசித்து, "பொதுவா அளவு பத்திச் சொல்றதுல தப்பில்ல, பேசிட்டு வாம்மா," என்றார்.

சிஸ்டரின் குரல் போனிலும் லைவில் கேட்பது போலவே இருந்தது. அவருக்கும் நிபந்தனைகள் இருந்தன.

"மருந்து, மாத்திரை, புண்ணு பத்தி நீங்க பேசக் கூடாது, அது என் பொறுப்பு. எந்தக் கடை, எந்த பிராண்ட் வாங்கலாம்னும் சொல்லக் கூடாது. அடுத்த ஞாயிறு லைவ் வெச்சுக்கலாம். மூணு வரில உங்களப் பத்தி, ஒரு போட்டோ, நான் கேக்க வேண்டிய அஞ்சு கேள்வி, வியாழக்கிழமைக்குள்ள அனுப்பிடுங்க."

"சரிங்க சிஸ்டர்."

"இன்னொண்ணு. தெரியாத கேள்வி வந்தா தெரியாதுன்னு சொல்லணும். சமாளிக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம் என்றேன். எனக்கு அவரை அந்த நிமிடமே பிடித்துப் போயிற்று.

பதில்களை முழு வாக்கியமாக எழுதி மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் தோழி சிஸ்டராக இருந்து கேள்வி கேட்டாள். இரண்டு கேள்விக்குள் கையைத் தூக்கி நிறுத்திவிட்டாள்.

"செய்தி வாசிக்கிறியா? என்கிட்ட பேசுற மாதிரி பேசுடி."

அன்று மாலையே தாள்களை மடித்து வைத்துவிட்டு, ஒரு அட்டையில் வார்த்தைகளை மட்டும் எழுதினேன். சாயங்காலம், நின்னுக்கிட்டு, ரெண்டு காலும், கை விட்டுப் பாரு. அவ்வளவுதான். வார்த்தையைப் பார்த்தால் விஷயம் தானாக வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை டெஸ்ட். அவர் அனுப்பிய லிங்கைத் திறந்து, மைக்குக்கும் கேமராவுக்கும் அனுமதி கொடுத்ததும் அவர் முகமும் என் முகமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. என் முகம் மட்டும் கறுப்பாக இருந்தது.

"ஜன்னல் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்குது. திரும்பி ஜன்னலைப் பாத்து உக்காருங்க. ரூம்ல எதிரொலியும் ஜாஸ்தி."

ஆறு மணிக்கு வெளிச்சம் குறையும் என்று முன்பக்கம் ஒரு விளக்கும் வைத்தேன். துணி பீரோவைத் திறந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டதும் எதிரொலி அடங்கியது. ஹைவேயில் போகும் லாரிச் சத்தத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜன்னல் கதவைச் சாத்தினால் கொஞ்சம் கம்மியானது. நெட் போனால் என்ன செய்வது என்றும் பேசிக்கொண்டோம். நான் காணாமல் போனால் சிஸ்டர் கமெண்ட்டுகளைப் படித்துக்கொண்டிருப்பார், நான் அதே லிங்கில் திரும்ப வர வேண்டும். என் கணவருடையது வேறு சிம். அவர் போன் ஹாட்ஸ்பாட்டுக்காகப் பக்கத்தில் தயாராக இருக்கும்.

ஞாயிறு ஐந்தே முக்காலுக்கு என் போனில் அழைப்பு எதுவும் வராதபடி அடக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சிஸ்டர் என்னை அறிமுகப்படுத்தி, "மொதல்ல ஒரு சந்தேகம், அளவு எடுக்கறதுக்கு நேரம் காலம் உண்டா?" என்று கேட்டார். நான் எழுதி அனுப்பிய முதல் கேள்வியே அதுதான். ஆனாலும் அவர் நிஜமாகவே தெரியாமல் கேட்பது போல் இருந்தது.

"சாயங்காலம் எடுக்கணும் சிஸ்டர். நாள் பூரா நின்னா, நடந்தா கால் கொஞ்சம் வீங்கும். காலைல அளவு எடுத்து வாங்குனா சாயங்காலம் இறுக்கும்."

"அப்போ இது சரியான நேரம். நான் இப்பவே எடுக்கறேன்," என்று சிஸ்டர் எழுந்துவிட்டார்.

இது பேசி வைத்ததில் இல்லை. கேமராவைத் தரையைப் பார்க்கத் திருப்பினார். செய்தித்தாளை விரித்து அதன் மேல் நின்றார். அவர் வீட்டுக்காரரின் கை மட்டும் திரையில் வந்து பென்சிலால் பாதத்தைச் சுற்றிக் கோடு போட்டது. "பென்சில சாய்க்காதீங்க சார், நேரா பிடிங்க," என்றேன். அந்தக் கை சட்டென்று நிமிர்ந்தது. இரண்டு காலையும் வரையச் சொன்னேன். ஒன்று இன்னொன்றைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும் என்றேன். பிறகு சிஸ்டர் தினமும் வாக்கிங்குக்குப் போடும் ஷூவிலிருந்து உள்ளே இருக்கும் அட்டையை உருவி, கோட்டின் மேல் வைக்கச் சொன்னேன்.

அட்டைக்கு வெளியே சுண்டு விரல் பக்கமும் முன்பக்கமும் பென்சில் கோடு நன்றாகத் தெரிந்தது.

சிஸ்டர் குனிந்து பார்த்தார். அட்டையை எடுத்து மறுபடி வைத்துப் பார்த்தார். ஆயிரம் பேருக்குப் புத்தி சொல்கிறவரை அவர் நேயர்கள் முன்னாலேயே சங்கடப்படுத்திவிட்டோமே என்று நினைத்தேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி ஆறாம் நம்பர். இன்னி வரைக்கும் அதையே கேட்டு வாங்கிட்டிருக்கேன். சுண்டு விரல்ல காய்ப்பு ஏன் போகலன்னு இப்பதான் தெரியுது. எல்லாரும் போய் பேப்பர் எடுத்துட்டு வாங்க!"

கமெண்ட்டுகள் வேகமாக ஓடின. நடுவில் ஒருவர், அப்பாவுக்குக் கட்டை விரலில் புண் இருக்கிறது, எந்த நம்பர் வாங்கலாம் என்று கேட்டார். "அது எனக்குத் தெரியாதுங்க. புண் இருந்தா டாக்டர்கிட்ட காட்டாம புதுசு எதுவும் போட வேணாம்," என்றேன். சிஸ்டர் அதை எடுத்துக்கொண்டு விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் திரை உறைந்து போனது. கணவர் ஹாட்ஸ்பாட்டைப் போட, நான் மறுபடி உள்ளே நுழைந்தபோது சிஸ்டர் கமெண்ட் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தார். "வாங்க, வாங்க," என்று சாதாரணமாகச் சேர்த்துக்கொண்டார். இருபது நிமிடம் என்று ஆரம்பித்தது ஐம்பது நிமிடம் போயிற்று.

முடிந்ததும் நேரலை அணைந்து, நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். "நல்லா பண்ணீங்கம்மா. மொத மெயிலும் படிச்சேன். அதுக்கு என்ன பதில் போடறதுன்னு தெரியல," என்றார். இருவரும் சிரித்தோம். அளவு எடுத்த பகுதியை வெட்டி என் சேனலில் போட்டுக்கொள்ளவும் சம்மதித்தார்.

அந்த வாரம் பேப்பரின் மேல் வரைந்த பாதங்களின் போட்டோக்கள் எனக்கு வந்துகொண்டே இருந்தன. சோளிங்கரிலிருந்து ஒருவர் வீட்டில் ஐந்து பேருடைய பாதத்தையும் ஒரே காலண்டர் தாளில் வரைந்து அனுப்பியிருந்தார். சேனலில் கொஞ்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். பெரிய கூட்டம் இல்லை. ஆனால் கேள்வி கேட்கிறவர்கள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏறியபோது தோழியின் போனைச் சுற்றி ஏழெட்டுத் தலைகள். என் குரல் பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. டிரைவர் பாட்டை நிறுத்தியிருந்தார். நான் வெட்கத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உக்காருடி," என்று தோழி இடம் விட்டாள். "கேட்டுட்டு இருக்கோம், பேசாத."