ஃபாலோயர் வரியை அழித்த திங்கட்கிழமை

அந்தக் காலாண்டின் முதல் திங்கட்கிழமை என் குழுவிடம் நான் பேச வேண்டிய பேச்சை எனக்காக வேறொருவர் தயார் செய்து அனுப்பியிருந்தார். வேலூரிலிருந்து ஆம்பூர் போகும் பஸ்ஸில், பள்ளிகொண்டா தாண்டிய பிறகுதான் போனில் திறந்து பார்த்தேன். ஆறு ஸ்லைடு. முதல் ஸ்லைடில் ஒரே வரி: மூன்று மாதத்தில் நம் பக்கத்தின் ஃபாலோயர் எண்ணிக்கை இரண்டு மடங்காக வேண்டும். கடைசி ஸ்லைடிலும் ஒரே வரி: ஆகாவிட்டால் இந்த வேலை சென்னை ஏஜென்சிக்குப் போகும்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். ஜன்னலோரம் காற்று நன்றாகவே அடித்தது, ஆனாலும் காது ஆறவில்லை.

அனுப்பியவர் எங்கள் சின்ன முதலாளி, கம்பெனியை நடத்தும் பெரியவரின் மகன். எங்கள் ஷூ கம்பெனி இரண்டு தலைமுறையாக வெளிநாட்டுக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்த கம்பெனி. அவர்கள் பெயரை உள்ளே அச்சடித்து, பெட்டியில் போட்டு, கப்பலேற்றியதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். நம்மூர்க்காரன் காலுக்கு நம் பெயரிலேயே விற்றால் என்ன என்று கேட்டவர் அவர்தான். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. கடை கிடையாது, வெப்சைட் மட்டும். வாங்க வருகிறவர்களை சோஷியல் மீடியா வழியாகக் கூட்டி வர வேண்டும். ஏற்றுமதிப் பிரிவில் இருந்த என்னை அதற்குத் தலைவியாக்கி, மூன்று பேரைக் கொடுத்தார். வீடியோ எடுக்க ஒருவர், வெப்சைட்டையும் விளம்பரத்தையும் பார்க்க ஒருவர், கமெண்டுகளைக் கவனிக்க ஒரு பெண். அந்தப் பெண் ஐந்து வருஷம் தையல் லைனில் உட்கார்ந்தவள். ஷூவைக் கையில் எடுத்தாலே எங்கே கடிக்கும் என்று சொல்லிவிடுவாள்.

கடைசி ஸ்லைடின் அர்த்தம் எனக்கு நன்றாகப் புரிந்தது. ஏஜென்சி வந்தால் நான் ஏற்றுமதிக்குத் திரும்பிவிடலாம். மற்ற இருவரும் எங்கேயாவது ஒட்டிக்கொள்வார்கள். அந்தப் பெண் மறுபடி லைனுக்குப் போக வேண்டும். முதுகு வலி தாங்காமல் எழுந்து வந்தவள் அவள்.

இதில் என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய காலாண்டில் ஒரு போட்டி வைத்தோம். பக்கத்தை ஃபாலோ பண்ணு, மூன்று பேரை டேக் பண்ணு, ஒரு ஜோடி ஷூ இலவசம். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், தலையாட்டினேன். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எண்ணிக்கை ஏறியதைப் பார்த்து கேக் கூட வெட்டினோம். போட்டி முடிந்ததும் அவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் நாங்கள் எதைப் போட்டாலும் விரலால் தள்ளிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் இருப்பவர்களே பார்க்காத வீடியோவை வெளியாட்களுக்கு யார் காட்டுவார்கள்? ஒவ்வொரு பதிவும் போய்ச் சேரும் ஆட்கள் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று இருந்தது. அதை எங்களைப் போல ஏற்றுமதியில் ஊறியவர்கள்தான் செய்ய முடியும். எங்கள் கம்பெனிக்குள் எந்த ஷூவையும் முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்று ஐரோப்பிய அளவில்தான் சொல்வோம். ஷூவுக்கு வடிவம் கொடுக்கும் அச்சுக்கட்டையில் அதுதான், பெட்டியில் அதுதான், எங்கள் வாயிலும் அதுதான். வெப்சைட்டிலும் வீடியோவிலும் அதையே போட்டோம். கடையில் போய் அஞ்சு நம்பர், ஏழு நம்பர் என்று கேட்டு வாங்குகிறவர்களுக்கு அது என்ன கணக்கு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் தோன்றியது. இரண்டு தடவை என்னிடம் வந்தாள்.

"அக்கா, சைஸ் கேட்டுக் கேட்டு கமெண்ட் போட்றாங்க. பதில் போடட்டுமா?"

"அதெல்லாம் ஒக்காந்து எழுத டைம் இல்லம்மா. ஹார்ட் போட்டுட்டுப் போ" என்றேன். ஃபாலோயர்தான் இலக்கு என்றால் பதிலுக்கு என்ன மதிப்பு? அப்படித்தான் அன்று யோசித்தேன், வெட்கமாக இருக்கிறது.

விளைவு கிடங்கில் தெரிந்தது. திரும்பி வந்த பெட்டிகள் மூன்று அலமாரி நிறைய. அளவு சரியில்லை, அளவு சரியில்லை என்றே எல்லாவற்றின் மேலும் எழுதியிருந்தது.

ஆம்பூரில் இறங்கும்போது முடிவு செய்துவிட்டேன். கூட்டம் நடக்க இருந்த சாம்பிள் ரூமுக்குப் போகும் வழியில் தையல் லைனின் கோடியில் சும்மா கிடந்த வெள்ளைப் போர்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டேன். லைன் முனையில் இப்படி ஒரு போர்டு எப்போதும் இருக்கும். மணிக்கு எத்தனை ஜோடி இலக்கு, எத்தனை முடிந்தது என்று சூப்பர்வைசர் எழுதிக்கொண்டே வருவார்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். சின்ன முதலாளி பின்னால் நாற்காலியைச் சாய்த்து உட்கார்ந்தார். டிவியில் அவருடைய முதல் ஸ்லைடு. போர்டிலும் அவரே வந்து மேல் வரியில் "ஃபாலோயர், இரண்டு மடங்கு" என்று எழுதிவிட்டுப் போய் உட்கார்ந்தார். நான் டிவியை அணைத்தேன். துணியை எடுத்து அந்த வரியைத் துடைத்தேன். வீடியோ எடுப்பவர் வாயில் வைத்த டீயை விழுங்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம் பண்றீங்க?" என்றார் சின்ன முதலாளி.

"பேசி முடிச்சிட்றேன் சார். அப்புறம் திட்டுங்க."

துணியைப் போர்டின் மேல் போட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தேன்.

"நம்ம லைன்ல உற்பத்திய எங்க எண்றோம்? கட்டிங்ல ஆயிரம் ஜோடி வெட்டிட்டேன்னு ஒருத்தர் வந்து நின்னா யாராச்சும் கை தட்றோமா? பேக்கிங்ல பெட்டில விழுந்தாதான் ஒரு ஜோடி. ஃபாலோயர்ங்கிறது வெட்டிப் போட்ட தோல் மாதிரி. போன தடவை நெறைய வெட்னோம். பெட்டில எவ்ளோ விழுந்துச்சுன்னு அந்த மூணு அலமாரிய போய்ப் பாருங்க."

பிறகு ஒரு கமெண்டைப் படித்தேன். கலவையிலிருந்து ஒரு நர்ஸ் எழுதியது. வார்டு டியூட்டிக்கான எங்கள் கறுப்பு ஷூவுக்குக் கீழே முதலில் கேட்டிருந்தார்: நான் அஞ்சு நம்பர் போடறேன், இதுல எது எடுக்கணும்? நாங்கள் ஒரு ஹார்ட் போட்டிருந்தோம். அவரே குத்துமதிப்பாக நாற்பது வாங்கி, தொளதொளவென்று இருந்து, திருப்பி அனுப்பிவிட்டு மறுபடி எழுதியிருந்தார்: ஹார்ட் போட்டதுக்கு நம்பர் போட்டிருக்கலாமே. "தப்பு என்னோடது. நான்தான் பதில் போட வேணாம்னேன்" என்றேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்து, செய்ய வேண்டிய வேலைகளைச் சொன்னேன். இந்த மூன்று மாதமும் முதல் வேலை, அளவு. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் நம்மூர் நம்பர் வர வேண்டும், முதல் கமெண்டாக அளவு அட்டவணையைப் பொருத்தி வைக்க வேண்டும். ஆபீஸ் நேரத்தில் யார் கேட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குள் பதில். இரண்டாவது, தினம் ஒரு வீடியோ கிடையாது, வாரத்துக்கு மூன்றுதான். ஆனால் பார்த்தவர் சேமித்து வைக்கிற மாதிரி, தோஸ்துக்கு அனுப்புகிற மாதிரி இருக்க வேண்டும். மூன்றாவது, போட்டி, இலவசம் எதுவும் கிடையாது. வாங்கிப் போடுகிறவர்களையே, சம்மதம் வாங்கிக்கொண்டு, காட்டுவோம்.

துடைத்த இடத்தில் அளவுகோல்களை எழுதினேன். பதில் போடாமல் விட்ட கேள்வி எத்தனை. பார்த்தவர்களில் எத்தனை பேர் சேமித்தார்கள், பகிர்ந்தார்கள். ஒவ்வொரு வீடியோவுக்கும் இருக்கும் தனி லிங்க் வழியாக வந்த ஆர்டர் எத்தனை. அந்த ஆர்டரில் அளவு சரியில்லாமல் திரும்பியது எத்தனை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் போன காலாண்டின் எண்ணை எழுதச் சொன்னேன். கடைசி வரியைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாக எழுதினேன்: ஃபாலோயர், இலக்கு இல்லை.

சின்ன முதலாளி நாற்காலியை நிமிர்த்தினார்.

"மேடம், பத்து கம்பெனிக்காரங்க நம்ம பக்கத்தப் பார்ப்பாங்க. நம்பர் கம்மியா இருந்தா இன்னா நெனைப்பாங்க?"

"அவங்க யாரும் நம்ம ஷூ வாங்க மாட்டாங்க சார்."

"மூணு மாசத்துல எண்ணிக்கை எறங்குனா?"

"எறங்கும் சார். இலவசத்துக்கு வந்தவங்க போவாங்க. நான் மறைக்கப் போறதில்ல."

"பெரியவர் கேட்டா நான் இன்னா சொல்றது? பேஜார் எனக்குத்தான்."

"என் பேரைச் சொல்லுங்க." போர்டின் அடியில் பொறுப்பு என்று எழுதி என் பெயரைப் போட்டேன். "பதில் போட்றதும், திரும்பி வர்றதும் போன தடவையவிட நல்லா இல்லன்னா என்னை அனுப்புங்க. இவங்க மேல கை வைக்காதீங்க."

வீரமாகத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் வீட்டில் என்ன சொல்வது என்று தோன்றியது. அவர் "சரி, மூணு மாசம்" என்று எழுந்து போனார்.

அந்த மூன்று மாதமும் அந்தப் பெண் பதில் போட்ட விதத்தை நான் மறக்க மாட்டேன். அட்டவணையை மட்டும் போட்டுவிட்டுப் போய்விட மாட்டாள். "உங்க கால் அகலமா? அப்டின்னா ஒரு நம்பர் ஜாஸ்தி எடுங்க, முன்னாடி கடிக்காது" என்று எழுதுவாள். ஐந்து வருஷம் தைத்த கை அது. வாங்கியவர்களே மற்றவர்களுக்கு அவளைப் போலப் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். ஃபாலோயர் நான் சொன்னபடியே இறங்கியது. வாரா வாரம் அந்தக் கடைசி வரியை எழுதும்போது கை கூசியது, ஆனாலும் எழுதினேன்.

காலாண்டு முடிந்தபோது கிடங்கில் திரும்பி வந்த பெட்டிகள் ஓர் அலமாரிக்குள் அடங்கின. லிங்க் வழியாக வந்த ஆர்டர் போன தடவையைவிடக் கூடியிருந்தது. ஏஜென்சியைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. எனக்கு ஒரு பாராட்டும் வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

அடுத்த காலாண்டின் முதல் திங்கட்கிழமை சாம்பிள் ரூமுக்குள் நுழைந்தேன். எனக்கு முன்னாலேயே சின்ன முதலாளி வந்திருந்தார். போர்டின் மேல் வரியில் மறுபடியும் அதே கையெழுத்து: ஃபாலோயர், இரண்டு மடங்கு. காது சூடானது. பையைக் கூட இறக்கி வைக்காமல் துணியை எடுத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் உள்ளே வந்த அந்தப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"போன வாரம் பதில் போடாம விட்டது எத்தினிம்மா?"

"ஒண்ணுகூட இல்ல சார்" என்றாள் அவள்.