அழுத்தம் விழுந்த இடம்

ஆங்கிலம் படிப்பிக்கிற பிரஷாந்தினியின் ஆங்கிலத்தில் பிழை பிடிக்க எங்கள் பாடசாலையில் ஆளில்லை. அதுதான் அவளுக்கு வந்த கேடு என்று இப்போது நினைக்கிறேன். நான் அங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன், பத்து வருடமாக அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. புகழ்ந்து எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். அவள் செய்ததையும் எழுதுவேன்.

அவள் கண்டாவளையில் ஒரு வயற்காரர் வீட்டுப் பிள்ளை. பதினேழு வயதில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது யாரோ கொடுத்த அட்டையில்லாத ஆங்கில அகராதிதான் அவளுக்கு முதல் வாத்தியார். அதில் சொல்லுக்குச் சொல் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கும், எந்த அசையில் குரல் அழுந்த வேண்டும் என்பதற்கு. ‘போட்டோகிராப்’ என்றால் முதல் அசையில் அழுத்தம், ‘போட்டோகிராபர்’ என்றால் இரண்டாவதில். ‘ரெக்கோட்’ பெயர்ச்சொல்லானால் முன்னால் அழுந்தும், வினைச்சொல்லானால் பின்னால். தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி இதையெல்லாம் மனப்பாடம் செய்தாளாம். எனக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது.

கல்வியியல் கல்லூரியில் சொல்லழுத்தத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. பாடப்புத்தகத்தில் அதற்கடுத்த அத்தியாயம் வாக்கிய அழுத்தம். பரீட்சையில் இரண்டில் ஒன்றுக்கு விடை எழுதினால் போதும் என்றிருந்தது. அவள் இரண்டாவதைத் திறக்கவேயில்லை. நாங்கள் எல்லோரும் அப்படிப் படித்து வந்தவர்கள்தான், அவளை மட்டும் சொல்லிப் பயனில்லை.

வேலை கிடைத்த பிறகு பின்னேரங்களில் வீட்டு விறாந்தையில் வகுப்பு வைத்தாள். வந்தவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டு மாப்பிள்ளையைக் கட்டிவிட்டு விசா நேர்முகத்துக்குக் காத்திருந்த பெண்கள். கம்சா அப்படி வந்தவள்தான். முல்லைத்தீவுக் கடற்கரையில் கரைவலைக்காரர் வீட்டுப் பிள்ளை, முப்பத்தொரு வயது. கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கெழுதினாள். அவளுடைய புருஷன் அனிஸ்ரன் வெளிநாட்டிலிருந்து வந்து, தேவாலயத்தில் தாலி கட்டி, இருபத்திரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பிப் போனவன். அந்த இருபத்திரண்டு நாளை அவள் ஒரு வருடமாகக் கதைத்துக்கொண்டிருந்தாள். அவனிடம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று தூதரகம் கேட்டிருந்தது. வேண்டாம் என்று எழுத வைத்தவள் பிரஷாந்தினி.

“இடையில நிக்கிறவர் உம்மட கதையைக் கெடுத்துப் போடுவார். நீரே இங்கிலீசில சொல்லும். நான் இருக்கிறன்தானே” என்றாள்.

கட்டாயம் ஒரு கேள்வி வரும்: வெளிநாடு போகத்தானா இவரைக் கட்டினாய்? அதற்கு ஒரே விடைதான் இருந்தது. “ஐ டிடின்ற் மெரி ஹிம் டு கோ அப்ரோட்.” வெளிநாடு போவதற்காக நான் அவரைக் கட்டவில்லை. மூன்று பின்னேரம் அந்த ஒரு வாக்கியம் மதிலுக்கு மேலால், நான் சமைக்கிற குசினிக்குள் வந்துகொண்டிருந்தது. ‘அப்ரோட்’டில் இரண்டாவது அசை அழுந்த வேண்டும் என்று திருத்தித் திருத்தி, கடைசியில் கம்சாவுக்கு அது அச்சொட்டாக வந்தது.

“தொடங்கேக்கை முணுமுணுக்காதையும். முதற்சொல்லை உறுதியாச் சொல்லும். அப்பதான் பயமில்லாத பொம்பிளை எண்டு தெரியும்” என்றாள் பிரஷாந்தினி.

முதற்சொல் ‘ஐ’. நான்.

கம்சா கொழும்புக்குப் போய் வந்தாள். சொல்லித் தந்தபடியே சொன்னேன் என்று மஸ்கெற் இனிப்புக் கொண்டுவந்து எனக்கும் ஒரு துண்டு தந்தாள். நாலு மாதத்தில் மறுப்புக் கடிதம் வந்தது. விசாவுக்காகச் செய்த திருமணம் என்று முடிவு கட்டியிருந்தார்கள். அனிஸ்ரன் அங்கே விண்ணப்பித்து, நேர்முகம் நடத்திய அதிகாரியின் குறிப்பை எடுத்து அனுப்பினான். அந்தத் தாளைக் கொண்டுதான் கம்சா ஒரு சனிக்கிழமை விறாந்தைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன்.

பிரஷாந்தினி வாசித்துத் தமிழில் சொன்னாள். “‘தான் வெளிநாடு போவதற்காகக் கட்டவில்லை என்று, ‘தான்’ என்பதில் குரலை அழுத்தி விண்ணப்பதாரி சொன்னார். அப்படியானால் அதை விரும்பியது யார் என்று கேட்டேன். பெற்றோர் என்றார்.’”

“அம்மா ஆக்கள்தானே கலியாணம் பேசினவை” என்றாள் கம்சா. “அவர் ‘ஹூ’ எண்டு கேட்டார், நான் உண்மையைச் சொன்னனான். ஏன் அப்பிடிக் கேட்டவர் எண்டு இப்பவும் விளங்கேல்லை. எதில பிழைவிட்டனான், ரீச்சர்?”

“அண்டைக்குச் சொன்னமாதிரி ஒருக்காச் சொல்லும்.”

கம்சா நிமிர்ந்திருந்து சொன்னாள். ‘ஐ’ ஓங்கி வந்தது, மிச்சமெல்லாம் அதற்குப் பின்னால் தணிந்து போயிற்று. ‘அப்ரோட்’டின் இரண்டாவது அசை மட்டும் அதனிடத்தில் சரியாக இருந்தது. அது பிரஷாந்தினியின் குரல்தான் என்று எனக்கே தெரிந்தது.

தேடிப் பார்த்துச் சொல்வதாகக் கம்சாவை அனுப்பிவிட்டு, பிரஷாந்தினி அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அந்தப் பழைய பாடப்புத்தகத்தை எடுத்தாள். திறக்காத அத்தியாயத்தைத் திறந்தாள். இரண்டு மணித்தியாலம் வாசித்துவிட்டு எனக்கு விளங்கப்படுத்தினாள்.

“சொல்லில எந்த அசை அழுந்தோணும் எண்டதை அகராதி சொல்லிப்போடும், அக்கா. வசனத்தில எந்தச் சொல் அழுந்தோணும் எண்டதை ஒரு அகராதியும் சொல்லாது. அது சொல்லுறவரின்ர கையில. ‘டிடின்ற்’ஐ அழுத்தியிருந்தா, நீங்கள் கேக்கிறது பொய், அதுக்காகக் கட்டேல்லை எண்டு முழு மறுப்பு. ‘ஹிம்’ஐ அழுத்தினா, இவரை இல்லை, வேற ஆரையோ எண்டு வரும். ‘ஐ’யை அழுத்தினா, அதுக்காகச் செய்தது நான் இல்லை.”

“வேற ஆரோ.”

“ஓம். அதைத்தான் அவர் கேட்டிருக்கிறார். ஞாயமான கேள்வி.”

தமிழில் நாங்கள் ‘கட்டேல்லை’ என்றாலே போதும், ‘நான்’ வேண்டியதில்லை. அழுத்த வேண்டுமென்றால் ‘நானில்லை’, ‘நான்தான்’ என்று ஒட்டு வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் அந்த ‘ஐ’ சும்மா நிற்கிற சொல், குரல் ஏறினால் மட்டும் ஆளைச் சுட்டும். அவள் அதில் குரலை ஏற்ற வைத்துவிட்டாள். எனக்கு அவள்மீது அடங்காத கோபம். மொழிபெயர்ப்பாளரை வேண்டாமென்ற பெருமை எனக்குப் பொறுக்கவில்லை, அதைச் சொல்லியும் போட்டேன். அவள் கொப்பியைத் திறந்து, அந்த வாக்கியத்தை வேறு எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாள் என்று எண்ணத் தொடங்கினாள். பத்தொன்பது.

மறுநாளே கம்சாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கம்சா ஏசவில்லை. சரியாகச் சொல்லும் விதத்தைப் பழக்கித் தரும்படி கேட்டாள். மேன்முறையீட்டில் இன்னொரு தடவை கேட்பார்களாம். பழக்கினாள். ஒரு வாக்கியத்தை ஐந்து விதமாகச் சொல்லி, ஐந்து அர்த்தத்தையும் பிரித்தறியக் கம்சாவின் காது தேறிவிட்டது. மேன்முறையீடு இரண்டு வருடமாக இழுபடுகிறது, இன்னும் முடிவில்லை. இதற்கிடையில் அனிஸ்ரனிடமிருந்து நாளாந்தம் வந்த அழைப்பு கிழமைக்கு ஒன்றாயிற்று, பிறகு அதுவும் குறைந்தது. கம்சாவுக்கு இப்போது முப்பத்துநாலு வயது.

போன கிழமை, வகுப்பில்லாத நாளில் கம்சா வந்தாள். கதிரையில் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“அனிஸ்ரன் போன் எடுத்தவர், ரீச்சர். கலியாணத்தை முறிக்கப் போறியளாமே எண்டு கேட்டன். ‘முறிப்பம் எண்டு நான் சொல்லேல்லை’ எண்டார்.”

“அப்ப நல்லதுதானே” என்றேன் நான்.

“‘நான்’ எண்டதை அழுத்திச் சொன்னவர், அக்கா.”

பிரஷாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்ப ஆர் சொன்னது எண்டு கேட்டன்” என்றாள் கம்சா. “அம்மா ஆக்கள் எண்டார்.”