எட்டு வரிசை சார்

என் கணவரை எங்கள் பாலிடெக்னிக்கில் எல்லாரும் ‘எட்டு வரிசை சார்’ என்றுதான் சொல்வார்கள். நான் பக்கத்தில் இருப்பது தெரியாமல் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். கடித்துக்கொள்ளத் தேவையே இல்லை. அவர்கள் சொல்வதைவிட மோசமாக நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறோம். மூன்று உள்ளீடு உள்ள ஒரு லாஜிக் சர்க்யூட்டுக்கு ட்ரூத் டேபிள் போட்டால் எட்டு வரிசை வரும். ஒவ்வொரு உள்ளீடும் சைபராகவோ ஒன்றாகவோ இருக்கலாம். எல்லாச் சேர்க்கையையும் எழுதி, எதிரே சர்க்யூட் என்ன விடை தருகிறது என்று குறித்தால் அதுதான் ட்ரூத் டேபிள். கொஞ்ச வருடம் நடத்திவிட்டால் யாருக்கும் அந்த எட்டையும் எழுதாமலே விடை கண்ணுக்குத் தெரிந்துவிடும். இவருக்கும் தெரியும், ஆனால் எழுதாமல் ஒத்துக்கொள்ள மாட்டார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரைக்கூடச் சமாளித்துவிடலாம். இவர் நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார்.

மாடிப்படி விளக்குக்குப் படியின் கீழே ஒரு ஸ்விட்ச், மேலே ஒரு ஸ்விட்ச் போட்டோம். எலக்ட்ரீஷியன் வேலையை முடித்து, நன்றாக எரிகிறது சார் என்றார். இவர் அந்த மனிதரை மேலே நிற்கவைத்துவிட்டுத் தான் கீழே நின்று, இரண்டு ஸ்விட்சையும் எல்லா விதமாகவும் போட்டு அணைத்துப் பார்த்த பிறகுதான் அனுப்பினார். என் தம்பி வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டால், மழை வந்தால், வராவிட்டால், தம்பி வீட்டில் இருந்தால், இல்லாவிட்டால் என்று ஆரம்பிப்பார். அவர் முடிப்பதற்குள் எனக்குப் போகிற ஆசையே போய்விடும்.

இப்படிப்பட்டவரோடு விடைத்தாள் திருத்துகிற முகாமில் பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும் என்பது என் தலையெழுத்து. முன்பெல்லாம் தாளைக் கையில் கொடுப்பார்கள். இப்போது தேர்வு நடந்த இடத்திலேயே பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெரிய கூடம், வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். திரையில் ஒரு போட்டோ வரும், ஒரு நம்பர் இருக்கும், பெயர் கிடையாது. பார்த்து மதிப்பெண்ணைத் தட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். எல்லாரும் கட்டுக் கட்டாக முடித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் பக்கத்தில் வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு சைபரும் ஒன்றும் எழுதிக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை எனக்கு இன்னொரு பொறுப்பும் இருந்தது. விடைக்குறிப்பைத் தயாரித்தது நான். கீ என்று சொல்வோம். எல்லாரும் அதைப் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்கள். பல வருடமாக என்னைத் தாண்டித் தாண்டிப் போன வேலை இது. முகாம் நல்லபடியாக முடிந்தால் அடுத்த வருடம் தலைமைத் தேர்வாளர் நாற்காலி எனக்குத்தான் என்று இப்போதைய தலைமைத் தேர்வாளரே சொல்லியிருந்தார். அது எனக்கு வேண்டியிருந்தது. வேண்டாம் என்று பொய் சொல்ல மாட்டேன்.

கடைசி நாள் மதியம். பாதிப் பேர் பையை மூடிவிட்டு ஊருக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது இவர் என் நாற்காலியைத் தட்டித் தன் திரையைப் பார்க்கச் சொன்னார்.

கேள்வி எளிமையானதுதான். ஒரு ட்ரூத் டேபிள் கொடுத்திருந்தோம். உள்ளீடுகள் ஏ, பி, சி. ஏ சைபராகவும் மற்ற இரண்டும் ஒன்றாகவும் இருக்கிற வரிசையில் விடை சைபர். ஏ ஒன்றாகவும் மற்ற இரண்டும் சைபராகவும் இருக்கிற வரிசையிலும் சைபர். மீதி ஆறு வரிசையிலும் ஒன்று. இந்த விடைகளைத் தருகிற கோவையைச் சுருக்கி எழுது, சர்க்யூட் வரை. என் கீயில் இருந்த விடை: ஏ பார் பி பார், கூட்டல் பி சி பார், கூட்டல் ஏ சி. பார் என்பது எழுத்தின் தலைமேல் போடுகிற கோடு. அதைப் போட்டால் ஒன்று சைபராகும், சைபர் ஒன்றாகும். இரண்டு எழுத்து ஒட்டி நின்றால் இரண்டும் ஒன்றானால்தான் விடை ஒன்று; கூட்டலில் ஏதாவது ஓர் உறுப்பு ஒன்றானாலே போதும்.

திரையில் இருந்த போட்டோவில் ஏ சி, கூட்டல் பி சி, கூட்டல் ஏ பி என்று இருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. அது கூட்டல் சர்க்யூட்டில் கேரி, அதாவது அடுத்த இலக்கத்துக்குப் போகிற ஒன்று, வருவதற்கான கோவை. பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடம் செய்கிற ஒன்று. எதையோ கேட்டால் எதையோ வாந்தி எடுத்திருக்கிறது, சைபர் போட்டுவிட்டுப் போங்கள் என்றேன். ஏ சைபர், மற்றவை ஒன்று என்று வைத்தால் இந்தக் கோவையில் பி சி ஒன்றாகிவிடும், விடை ஒன்று வரும், வரவேண்டியது சைபர். அதைக்கூட நானே சொல்லிக் காட்டினேன், இவர் எழுத ஆரம்பிக்கக் கூடாதே என்று.

இவர் கீழே இருந்த படத்தைப் பெரிதாக்கினார். அந்தப் பிள்ளை சர்க்யூட்டை அழுத்தி வரைந்திருந்தது. மூன்று முக்கோணம், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு குட்டி வட்டம்: தலைகீழாக்குகிற மூன்று நாட் கேட். ஒட்டி நிற்கிற எழுத்துகளைச் சேர்க்கிற ஆண்ட் கேட் மூன்று; முதலாவதற்குத் தலைகீழாக்கிய ஏ-யும் தலைகீழாக்கிய சி-யும் போகின்றன. இரண்டாவதற்குத் தலைகீழாக்கிய பி-யும் நேரான சி-யும். மூன்றாவதற்கு ஏ-யும் பி-யும் அப்படியே. மூன்றும் கூட்டலுக்கான ஓர் ஆர் கேட்டில் சேர்கின்றன. அதாவது கோவையில் கோடுகள் இருந்திருக்கின்றன. மெல்லிய கோடுகளைக் கேமரா வெளிச்சம் தின்றுவிட்டது.

சரி, பிள்ளை எழுதியது ஏ பார் சி பார், கூட்டல் பி பார் சி, கூட்டல் ஏ பி என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் கீயில் இருப்பது அது இல்லையே என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பினார்கள்.

“எந்த வரிசைல தப்பு?” என்றார் இவர்.

“என்னங்க, கீ இருக்கு. கீயப் பாத்துப் போடுங்க.”

“பாத்தேன். எந்த வரிசைலயும் தப்பு வரலையே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வெள்ளைத்தாளை அவர் கையிலிருந்து பிடுங்கிக் கிழித்திருப்பேன். அதற்குள் தலைமைத் தேர்வாளர் எழுந்து வந்துவிட்டார். விஷயம் கூடம் முழுக்கப் பரவியது. கீயை மாற்றினால் இத்தனை நாள் திருத்திய தாள்களில் அந்தக் கேள்வியை எல்லாரும் திரும்பத் திறந்து பார்க்க வேண்டும், பஸ் போய்விடும், இன்னும் இரண்டு நாள் இங்கேதான் கிடக்க வேண்டும். ஒருவர் என் காதில் விழும்படியே, வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறார்கள் என்றார். இன்னொருவர், வீட்டுச் சண்டையை வீட்டிலேயே முடித்துக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்டார்.

தலைமைத் தேர்வாளர் நல்ல மனிதர். இவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினார். “மேடம், கீ உங்களோடது. வேற எந்த விடையும் கிடையாதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா, நான் இதோட முடிச்சிடறேன்.”

ஒரு வார்த்தைதான். இவர் என்னை வற்புறுத்தவும் இல்லை, என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

நான் தாளை வாங்கி எட்டு வரிசையையும் எழுதினேன். எங்கேயாவது ஒன்று இடித்துவிடாதா என்றுதான் எழுதினேன், அதை மறைக்க மாட்டேன். ஒன்று வரவேண்டிய ஆறு வரிசையிலும் ஒன்று வந்தது. சைபர் வரவேண்டிய இரண்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஏ சைபர், மற்றவை ஒன்று: மூன்று உறுப்பும் சைபராகிச் செத்தன. ஏ ஒன்று, மற்றவை சைபர்: அங்கேயும் செத்தன. என் கீ எதைத் தருகிறதோ அதையே அந்தப் பிள்ளையின் விடையும் தந்தது. உறுப்புகள் மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு எழுத்து. என்னுடையதைவிட ஒரு கேட் கூடவும் இல்லை.

எப்படி என்று எனக்கு உடனே புரிந்தது. ஆறு பேர் வட்டமேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி சேர வேண்டும் என்று வையுங்கள். ஒருவர் வலப்பக்கத்தவரோடு சேர்ந்தால் மூன்று ஜோடி வரும். அவரே இடப்பக்கத்தவரோடு சேர்ந்தாலும் மூன்று ஜோடி வரும். ஆட்கள் அதே ஆறு பேர்தான், ஜோடிதான் வேறு. கோவையைச் சுருக்கப் போடுகிற கட்டமான கே-மேப்பில் அந்த ஆறு ஒன்றும் இப்படி வட்டமாகத்தான் உட்கார்ந்திருந்தன. வருடா வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கீ எழுதும்போது ஒரு பக்கம் ஜோடி சேர்த்தேன், மூன்று வந்தது, அழகாக இருந்தது, பேனாவை மூடிவிட்டேன்.

“ரெண்டும் சரி சார்,” என்றேன். “கீல நான் ஒண்ணுதான் போட்டிருக்கேன்.”

கூடம் முழுக்கப் பைகள் திரும்பவும் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அடுத்த வருடம் வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளலாம், நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. அந்த இரண்டு நாளும் என்னோடு யாரும் சாப்பிட உட்காரவில்லை, இவரைத் தவிர.

பிழையாகச் சைபர் வாங்கிய தாள்களின் பட்டியல் மறுநாள் வந்தது, யார் திருத்தியது என்ற எண்ணோடு. பலவற்றில் கோடுகள் போட்டோவில் தெளிவாகவே இருந்தன, ஆனாலும் சைபர். கீயில் இல்லாததால் சைபர். என்னிடம் வந்த தாள்களும் அதில் சில உண்டு. நான் எதிர்பார்க்காத ஓர் எண்ணும் இருந்தது. அது இவருடையது. முகாமின் முதல் நாளே, கோடுகள் பளிச்சென்று தெரிகிற இரண்டு தாளுக்கு இவர் சைபர் போட்டிருந்தார்.

திரும்பிப் போகிற பஸ்ஸில்தான் கேட்டேன். தண்ணீர் சூடா என்று விரலை வைத்துப் பார்க்காமல் குளிக்காத மனிதர், அந்த இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் ஒரு வரிசைகூட எழுதிப் பார்க்கவில்லை என்று கேட்டேன். இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“கீ நீ போட்டது,” என்றார். “அதனால பாக்கலை.”

“அப்புறம் கடைசி நாள் மட்டும் எதுக்குப் பாத்தீங்க?”

“அந்தப் பிள்ளை வட்டம் வட்டமா அவ்வளவு அழுத்திப் போட்டிருந்துச்சு. பாக்காம விட முடியலை.”

இத்தனை வருடக் குடும்பத்தில் இவர் என்னை ஒரு தடவை புகழ்ந்திருக்கிறார் என்றால் அது இதுதான். புகழ்ந்த விதத்தில் இரண்டு பிள்ளைகள் ஃபெயிலாகப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. நான் எவ்வளவோ கெஞ்சியும் உப்பையும் பூட்டையும் பால் பாக்கெட்டின் தேதியையும் நம்பாத மனிதர், நம்பக் கூடாத இடத்தில் போய் நம்பியிருக்கிறார்.

“இனிமே நான் எது சொன்னாலும் நம்பாதீங்க,” என்றேன்.

எதற்கும் ஒரே தடவையில் தலையாட்டாத மனுஷன், அதற்கு மட்டும் உடனே சரி என்றார்.