ஐந்து பேரில் எண்பது சதவீதம்

ஒரகடத்துப் பக்கம் வண்டிக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில், கணினிப் பிரிவில் எனக்கு வேலை. ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு தொடுதிரை வைக்கப் போகிறோம் என்று நிர்வாகம் முடிவு செய்தது. பாகத்தில் குறை தெரிந்தால் தொழிலாளி திரையைத் தொட வேண்டும். தரப் பிரிவிலிருந்து ஆள் வருவார். எல்லா லைனுக்கும் போடுவதற்கு முன்னால், ஆட்களால் அதைச் சுலபமாகப் பயன்படுத்த முடிகிறதா என்று என் சக ஊழியர் ஒருவர் சோதித்து அறிக்கை எழுதினார். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு.

ஒன்பது பக்கம். முடிவுரையில், ‘எண்பது சதவீதத் தொழிலாளர்கள் சிரமமின்றிப் பயன்படுத்துகிறார்கள், எல்லா லைனிலும் நிறுவலாம்’ என்று இருந்தது. எத்தனை பேரிடம் சோதித்தார் என்று தேடினேன். கடைசிப் பக்கத்தில் கிடைத்தது: ஐந்து பேர். அவர்களில் நாலு பேர் சரியாகச் செய்திருந்தார்கள். ஐவரும் டிப்ளமோ படித்த லைன் லீடர்கள்.

அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “அஞ்சு பேர வச்சு எங்க இடறுதுன்னு கண்டுபிடிக்கலாம். சதவீதம் சொல்ல முடியுமா? அதுவும் லீடருங்க மட்டும். மெஷின்ல நிக்கிறவங்க ஒருத்தர்கூட இல்லையே.”

“புரொடக்‌ஷன்ல ஆள் விடமாட்டேன்னுட்டாங்க மேடம். இவங்களையே டிரெய்னிங் ரூம்ல அரை மணி நேரந்தான் குடுத்தாங்க.”

ஐந்தாமவரைப் பற்றி ஒரே ஒரு வரி: ‘ஒருவர் பொத்தானை இரண்டு முறை தொட்டதால் அழைப்பு ரத்தானது.’ அவ்வளவுதான். ஏன் ரத்தானது, எவ்வளவு பெரிய பிரச்சினை, என்ன மாற்ற வேண்டும், யார் மாற்ற வேண்டும், எதுவும் இல்லை. ஓரத்தில் பென்சிலால், ‘இதற்கு என்ன செய்யப் போகிறோம்?’ என்று எழுதினேன்.

அன்று மாலை மேலாளர் இரண்டு தடவை போன் செய்தார். அடுத்த வாரம் வாடிக்கையாளர் பார்வையிட வருகிறார், அதற்குள் திரைகள் ஓட வேண்டும். மறுபடி சோதிக்க வேண்டும் என்றால் ஒரு வாரம் தள்ளும். பென்சில் எழுத்தை அழித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். ரப்பர் தூளை ஊதியதுகூட நினைவிருக்கிறது.

திரைகள் ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் என்னை லைனுக்கு வரச் சொன்னார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு பெண், ஒப்பந்தத் தொழிலாளி, சூப்பர்வைசர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். குறையுள்ள பாகங்கள் ஒரு பெட்டி நிறைய அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தன.

“கூப்பிடவே இல்ல மேடம். சிஸ்டத்துல ஒண்ணும் இல்ல. ஆனா கூப்பிட்டேன்னு சாதிக்கிறாங்க” என்றார் சூப்பர்வைசர்.

“அமுத்தினேன் மேடம். லைட்டு வரல, அதனால இன்னொரு வாட்டி அமுத்தினேன். பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப் போவுது?”

ரத்தான அழைப்பு சூப்பர்வைசர் திரையில் வராது; உள்ளே இருக்கும் கணினிப் பதிவைத் திறந்தேன். அழைப்பு. இரண்டு விநாடியில் ரத்து. மறுபடி அழைப்பு, மறுபடி ரத்து. திரை தாமதமாகப் பதில் சொன்னது; இரண்டாவது தொடலை ரத்து என்று எடுத்துக்கொண்டது. அந்த ஐந்தாமவருக்கு நடந்தது அப்படியே இவருக்கும் நடந்திருந்தது.

தப்பு திரையில்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். “பார்த்துச் சொல்றேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அன்றே அவரை லைனிலிருந்து எடுத்துப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் காலை அறிக்கையையும் பதிவையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். பென்சில் எழுத்தை அழித்ததையும் சொன்னேன். அவர் பதிவை இரண்டு தடவை படித்தார். “நீங்க சொல்லியிருந்தா நான் நிறுத்தியிருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா சொல்லியிருக்கணும்” என்றார்.

மூன்று ஷிஃப்டிலும், மெஷின் பக்கத்திலேயே, கையுறை போட்டு வேலை செய்பவர்களையே வைத்து மறுபடி சோதித்தோம். இந்தத் தடவை சதவீதம் எழுதவில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்று எழுதினோம். ஒவ்வொரு குறைக்கும் கீழே, எவ்வளவு அவசரம், என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும் என்று எழுதினோம். தொட்டதும் திரை நிறம் மாற வேண்டும். ரத்துக்குத் தனிப் பொத்தான் வேண்டும். முதலில் மாற்றியவை அந்த இரண்டையும்தான்.

அந்தப் பெண்ணை லைனுக்குத் திரும்ப எடுத்தார்கள். கேண்டீனில் அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார்.

“இப்டி ஆவும்னு முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?”

“தெரியும்.”

“ரெண்டு வாரம் எல்லாரும் என்ன பொய்க்காரின்னு பாத்தாங்க மேடம். எங்கூட்டுக்காரரு கூடக் கேட்டாரு, நெஜமா அமுத்தினியான்னு.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் சாப்பாட்டை முடிக்காமலே எழுந்து கை கழுவப் போனார். அதற்குப் பிறகு லைனில் பார்த்தால் தலையாட்டுவார், பேச மாட்டார். அதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.