ஏழு கட்டைவிரல்களும் ஒரு நாத்தனாரும்

ஒரகடத்தில் எங்கள் உதிரிபாகக் கம்பெனியின் முகநூல் பக்கத்தில் எதைப் போடுவதானாலும், முதலில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஹெச்.ஆர். மேனேஜர் உட்பட ஏழு பேர் படித்து ஒப்புதல் தருவார்கள். படிப்பதென்றால் கட்டைவிரல் போடுவது. படம் முழுதாகத் திறப்பதற்குள் ஏழு விரலும் வந்து நிற்கும். அவ்வளவு வேகமாகப் படிக்கிறவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு பதிவேற்றுவது என் பொறுப்பு.

போன மாதம் நான் விடுப்பில் இருந்தபோது, சிறந்த ஊழியர் விருது வாங்கியவரை ‘உளைப்பாளி’ ஆக்கிவிட்டார்கள். அந்தப் படம் கைபேசி கைபேசியாகச் சுற்றியது. கம்பெனி பஸ்ஸில் கிண்டல் தாங்காமல் அவர் ஷேர் ஆட்டோவுக்கு மாறினார்.

இந்த மாத விருது, மணிமங்கலத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு. கேன்டீனில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, எனக்கும் அப்படிப் பண்ணிடாதீங்கக்கா. என் நாத்தனாரு தமிழ் டீச்சரு. ‘கம்பெனிக்குப் போறவளுக்கு இன்னா தெரியும்’னு சொல்லிக்கினே இருப்பாங்க. இதை வெச்சி என் மானத்த வாங்கிடுவாங்க.”

டிசைனர் அனுப்பிய படத்தில் ‘வேளையில் கவனம், பளுது இல்லாத உற்பத்தி’ என்று இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்விட்டுப் படித்தால் இதெல்லாம் சிக்காது. எங்கள் பக்கத்து வாயில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் ஒன்றுதான். பிழைதிருத்தியும் ‘வேளை’யை விட்டுவிடும், அப்படியும் ஒரு சொல் இருக்கிறதே. அதனால் நான் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வருவேன். ஒவ்வொரு ல, ள, ழவிலும் நின்று, சந்தேகம் வந்தால் அகராதியைத் திறப்பேன்.

‘இரண்டு பிழைகள் உள்ளன, தயவுசெய்து வெளியிட வேண்டாம்’ என்று குழுவில் எழுதினேன். அதற்கும் ஏழு கட்டைவிரல். கூடவே மேனேஜரின் செய்தி: ‘சூப்பர், போட்டுடுங்க.’

போன் செய்தேன்.

“ஏழு பேர் பாத்தாச்சும்மா. ஏழு பேர் கண்ணுல படாதது உன் கண்ணுல மட்டும் பட்டுச்சா?”

“பட்டுச்சு சார். படத்துக்குள்ள இருக்கிற எழுத்து. போட்டப்புறம் அதை மட்டும் மாத்த முடியாது.”

“ஏதோ பண்ணு,” என்று வைத்துவிட்டார். படிக்கிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

டிசைனரை உட்கார வைத்து இரண்டு சொல்லையும் திருத்த வைத்தேன். மறுபடி பின்னாலிருந்து பார்த்துவிட்டுத்தான் பதிவேற்றினேன்.

மறுநாள் கேன்டீனில் அவள் தட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“நாத்தனாரு ரெண்டு வாட்டி படிச்சாங்கக்கா. கண்ணாடியத் தொடச்சிட்டு இன்னொரு வாட்டி. ஒண்ணும் கிடைக்கல.”

“அப்புறம்?”

“‘போட்டோல இன்னும் கொஞ்சம் சிரிச்சிருக்கலாம்’னு சொல்லிட்டு எழுந்து போயிட்டாங்க.”

சொல்லிவிட்டு, சோற்றைப் பிசையக்கூட முடியாமல் சிரித்தாள்.